புது ஐபிக்குப் பேர் வாங்கிக் கொடுத்த ஐந்து வாரங்கள்

மதுரையில் ஒரு சின்ன நிறுவனத்தில் சர்வர் பார்த்துக்கொள்வது என் வேலை. அரசுத் தேர்வு அறிவிப்புகளைத் தினமும் காலையில் மின்னஞ்சலில் அனுப்புகிறோம். பட்டியலில் சுமார் 90,000 பேர். 2023 கடைசி வரை ஒரு மெயில் அனுப்பும் சேவையின் பகிர்வு ஐபிகள் வழியாகத்தான் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. பல நிறுவனங்கள் ஒரே இணைய முகவரியிலிருந்து மடல் அனுப்பும் பகிர்வு ஐபி என்பது ஒண்டுக்குடித்தனம் மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொட்டினால் நம் வாசலும் நாறும். காலை ஏழு மணிக்குப் போன மடல் சில நாட்களில் மதியம்தான் இன்பாக்ஸை எட்டியது. அன்றே விண்ணப்பிக்கக் கடைசி நாள் என்றால் அந்த மடலால் யாருக்கு என்ன பயன்?

அதனால் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மடல் அனுப்பும் மென்பொருளோடு சொந்தமாக ஒரு சர்வர், அதற்கென்று தனி ஐபி என்று முடிவானது. பொங்கல் விடுமுறை முடிந்து 2024 ஜனவரி 18, வியாழக்கிழமை தொடங்கினேன். ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்று அலுவலகத்தில் நினைத்தார்கள். ஐந்து வாரம் பிடித்தது. அதில் ஒரு வாரத்தை என் கவனக்குறைவே தின்றது.

புது ஐபியைப் பழக்க, அதாவது வார்ம்-அப் செய்ய, ஏன் இத்தனை நாள்? ஜிமெயிலோ யாஹூவோ அந்த ஐபியிலிருந்து இதுவரை ஒரு மடல்கூடப் பார்த்ததில்லை. நேற்று வரை சத்தமே இல்லாத ஓர் எண்ணிலிருந்து இன்று திடீரென்று ஐம்பதாயிரம் மடல் வந்தால், அது வாடகைக்கு எடுத்துக் கொட்டிவிட்டு ஓடும் ஸ்பாம்காரன் செய்வதைப் போலவே இருக்கும். எந்த வித்தியாசமும் தெரியாது. எனவே கொஞ்சமாக அனுப்பி, வாங்கியவர்கள் திறக்கிறார்களா, சொடுக்குகிறார்களா, ஸ்பாம் என்று தள்ளுகிறார்களா என்று அவர்கள் பார்க்க நேரம் கொடுக்க வேண்டும். அண்ணாச்சி கடையில் புதிதாகக் குடிவந்தவருக்கு முதல் நாளே மாதக் கணக்கு எழுதமாட்டார்களே, அதேதான்.

தொடங்குவதற்கு முன் ஐபியின் பூர்வீகத்தைப் பார்த்தேன். ஹோஸ்டிங்காரர் கொடுக்கும் 'புது' ஐபி நமக்குத்தான் புதிது. நமக்கு முன்னால் அதில் யார் குடியிருந்தார்கள் என்று தெரியாது. ஸ்பாம் அனுப்பும் ஐபிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று இப்படிக் கேட்கலாம். ஐபியின் எண்களைத் தலைகீழாக எழுத வேண்டும். இங்கே இருப்பது மாதிரி எண்:

```
dig +short 25.113.0.203.zen.spamhaus.org
```

பதில் ஒன்றும் வராவிட்டால் நல்லது. எனக்கு முதலில் வந்தது `127.255.255.254`. பதறிப்போய் ஹோஸ்டிங்காரருக்கு டிக்கெட் எழுத உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் புரிந்தது, அந்த எண்ணுக்கும் என் ஐபிக்கும் சம்பந்தமில்லை. பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் பதில் சொல்லமாட்டோம் என்பதுதான் அதன் பொருள். சர்வரிலேயே டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடும் ஒரு ரிசால்வர் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்டபோது `127.0.0.3` வந்தது. இதுதான் உண்மையான பட்டியலிடல். முன்பு இருந்தவர் எதையோ செய்துவிட்டுப் போயிருக்கிறார். டிக்கெட்டை எழுதி முடித்து வேறு ஐபி வாங்கினேன். அது சுத்தமாக இருந்தது.

அடுத்து, ஐபிக்குத் தலைகீழ் டிஎன்எஸ் பதிவு. சர்வர் இணைந்ததும் ஹெலோ என்ற முதல் வணக்கத்தில் சொல்லும் பெயர், அந்தப் பெயர் காட்டும் ஐபி, அந்த ஐபி திருப்பிக் காட்டும் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் டொமைன் பேரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் புது ஐபியைச் சேர்த்தேன். மடல் எங்களுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையெழுத்தையும், இந்தச் சோதனைகளில் தவறும் மடலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கையும் சரிபார்த்தேன். அனுப்புநர் முகவரியையும் டொமைனையும் மட்டும் தொடவே இல்லை. 'மாற்றுவதுதான் மாற்றுகிறோம், டொமைனையும் அழகாக ஒன்று வைத்துக்கொள்ளலாமே' என்று ஒரு யோசனை வந்தது. கூடாது என்று சொல்லிவிட்டேன். எங்கள் டொமைனை ஜிமெயிலுக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்த டொமைனில் புது ஐபி என்றால் பாதி அறிமுகம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் நாம் முழு அந்நியர்.

சோதனை மடல் ஒன்றை என் சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பித் தலைப்பகுதியைத் திறந்து பார்த்ததில் இன்னொரு விஷயம் கிடைத்தது. மடல் வந்திருந்தது புது ஐபியிலிருந்து அல்ல, `2a01` என்று தொடங்கும் ஐபிவி6 முகவரியிலிருந்து. சர்வரில் இரண்டு வகை முகவரியும் இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். அப்படியே விட்டிருந்தால் பாதி மடல் நான் பழக்காத இன்னொரு முகவரியில் போயிருக்கும். அதற்குத் தலைகீழ் டிஎன்எஸ்ஸும் இல்லை. அது இல்லாத ஐபிவி6 மடல்களை ஜிமெயில் ஸ்பாமில் தள்ளலாம், திருப்பியும் அனுப்பிவிடலாம். `inet_protocols = ipv4` என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. வார்ம்-அப் தொடங்கும் எவரும் முதல் மடலின் தலைப்பகுதியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சரி, எவ்வளவு அனுப்புவது? இணையத்தில் எங்கே தேடினாலும் ஓர் அட்டவணை கிடைக்கும். முதல் நாள் இவ்வளவு, இரண்டாம் நாள் அதன் இரட்டிப்பு என்று முப்பது நாளுக்குப் போட்டிருப்பார்கள். அந்த அட்டவணைகளில் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அவற்றில் மொத்த எண்ணிக்கைதான் இருக்கும். ஆனால் ஐபிக்குப் பேர் மொத்தமாகக் கிடைப்பதில்லை. ஒவ்வொரு மெயில் நிறுவனமும் தன் கண்ணில் பட்டதை வைத்துத் தனித்தனியாகக் கணக்கு வைக்கிறது. எங்கள் பட்டியலைப் பிரித்துப் பார்த்தேன். ஜிமெயில் 76,000, யாஹூ 6,000, அவுட்லுக்கும் ஹாட்மெயிலும் சேர்ந்து 3,000, மற்றவை 5,000. மொத்தத்தில் ஆயிரம் என்று எடுத்து அனுப்பினால் 840க்கு மேல் ஜிமெயிலுக்கே போகும், ஹாட்மெயிலுக்குப் போவது முப்பது சொச்சம். ஒன்றுக்கு அதிகம், இன்னொன்றுக்குக் கணக்கே எடுபடாத அளவு. ஆகவே மூன்றுக்கும் தனித்தனிப் படிக்கட்டு வைத்தேன். இதில் பெரும்பாலும் ஜிமெயில் கதையைத்தான் சொல்கிறேன், எங்களுக்கு உயிர் அங்கேதான் இருந்தது.

யாருக்கு முதலில் அனுப்புவது என்பது எண்ணிக்கையைவிட முக்கியம். ஜிமெயில் பட்டியலை மூன்றாகப் பிரித்தேன். கடந்த 15 நாளில் ஏதாவது ஒரு இணைப்பைச் சொடுக்கியவர்கள் 14,000 பேர். 90 நாளுக்குள் சொடுக்கியவர்கள் இன்னும் 24,000. மீதி 38,000 பேர் அதற்கும் பழையவர்கள். மடலைத் திறந்ததை வைத்துப் பிரிக்கவில்லை. 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் படங்களை முன்கூட்டியே தானாக இறக்கிவைக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு, 'திறந்தார்' என்ற கணக்கை நம்பி எதையும் செய்ய முடிவதில்லை. சொடுக்குவதற்கு விரல் வேண்டும்.

பயனர் அட்டவணையில் ஒரு பத்தியைச் சேர்த்து, இவர் பழைய சேவை வழியா, புது ஐபி வழியா என்று குறித்துக்கொண்டேன். புது ஐபிக்கு மாறியவர் அதிலேயே இருப்பார். தினமும் புதியவர்கள் சேர்வார்கள். மீதிப் பேருக்குப் பழைய சேவையிலேயே வழக்கம்போல மடல் போகும். இதனால் வார்ம்-அப் நடக்கிறதே என்பதற்காக யாருக்கும் மடல் நிற்கவில்லை. பழைய சேவைக்கு இரண்டு மாதம் கூடுதலாகப் பணம் கட்டினோம். அந்தப் பணம் வீண் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் 400. அடுத்து 600, 900, 1,300, 2,000, 3,000. இவ்வளவு ஒழுங்காகப் போகிறதே என்று நானே அசந்துபோனேன். முதல் இரண்டு நாள் என் சோதனைக் கணக்குகள் சிலவற்றில் மடல் ஸ்பாமில் விழுந்தது. அதைப் பார்த்து எங்கள் மேலதிகாரி மேடம் பயந்துவிட்டார். ஆனால் அந்தக் கணக்குகளை யாரும் பயன்படுத்துவதில்லை, அவற்றில் எந்த மடலையும் யாரும் சொடுக்கியதும் இல்லை. அவற்றை வைத்து ஒரு முடிவுக்கு வரக் கூடாது. நிஜமான 400 பேரில் வழக்கமாகச் சொடுக்கும் அளவுக்கு ஆட்கள் சொடுக்கியிருக்கிறார்களா என்று பார்த்தேன். முதல் நாள் வழக்கத்தில் பாதி, மூன்றாம் நாள் கிட்டத்தட்ட முழுசு. சோதனைக் கணக்கைவிட எனக்கு அதுதான் சாட்சி.

ஏழாம் நாள், ஜனவரி 24. 4,500 மடல். காலை ஏழு மணிக்குக் கிளம்பியது. ஏழு இரண்டுக்கு லாக் முழுக்க இதுவாக இருந்தது:

```
421-4.7.28 ... temporarily rate limited
```

உங்கள் ஐபியிலிருந்து வழக்கத்துக்கு மாறான வேகத்தில், கேட்காத மடல்கள் வருகின்றன, தற்காலிகமாக வேகத்தைக் கட்டுப்படுத்துகிறோம் என்று ஜிமெயில் சொல்கிறது. நான்கில் தொடங்கும் எண் என்பதால் இது நிராகரிப்பு இல்லை, 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்பதுதான். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இடைவெளி விட்டுத் திரும்ப முயலும். நான் சும்மா இருந்திருந்தால் சாயங்காலத்துக்குள் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்திருக்கும். நான் சும்மா இருக்கவில்லை. `postqueue -f` அடித்தேன். தேங்கிய மூவாயிரத்துச் சொச்சம் மடலும் மொத்தமாக மறுபடி கதவைத் தட்டின. மொத்தமாக மறுபடி 421. இன்னொருமுறை அடித்தேன். பத்து மணிக்குள் ஐந்துமுறை அடித்திருப்பேன். 'போ' என்று சொன்ன வீட்டு வாசலில் நின்று விடாமல் காலிங் பெல் அடித்த கதை.

எங்கள் மூத்த பொறியாளர் ஓர் அக்கா, வீட்டிலிருந்து வேலை செய்பவர். போனில் கூப்பிட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நாலாயிரத்து ஐநூறும் எவ்வளவு நேரத்துல போச்சு?"

"அளவு வச்சிருக்கேன்க்கா. ஒரு மடலுக்கும் அடுத்ததுக்கும் ஒரு செகண்ட்."

"நீ வச்சது இருக்கட்டும். லாகுல என்ன இருக்கு?"

லாகைப் பார்த்தேன். முதல் நிமிடத்திலேயே இரண்டாயிரத்துக்கு மேல் முயன்றிருக்கிறது. நான் வைத்த ஒரு விநாடி இடைவெளி வேலையே செய்யவில்லை. முந்தைய நாட்களிலும் செய்திருக்கவில்லை. 3,000 மடலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் பறந்திருக்கின்றன. ஜிமெயில் பொறுத்துக்கொண்டதால் எனக்குத் தெரியவில்லை.

ஜிமெயிலுக்கென்று தனி டிரான்ஸ்போர்ட், அதாவது தனி அனுப்பும் வழி, ஒன்றை `master.cf` கோப்பில் வைத்திருந்தேன். அது சரியாகத்தான் இருந்தது:

```
gwarm unix - - n - - smtp
  -o syslog_name=postfix-gwarm
  -o smtp_bind_address=203.0.113.25
```

தவறு `main.cf` கோப்பில் இருந்தது:

```
gwarm_destination_rate_delay = 1s
gwarm_destination_recipient_limit = 1
```

இரண்டாவது வரியை ஏதோ பழைய சர்வரின் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். ஒரு மடலுக்கு ஒரு பெறுநர், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆனால் அந்த எண் 1 ஆக இருந்தால், போஸ்ட்ஃபிக்ஸுக்கு 'சேருமிடம்' என்பதன் பொருளே மாறிவிடுகிறது. வழக்கமாகச் சேருமிடம் என்றால் `gmail.com` என்ற டொமைன். இந்த வரி வந்ததும் ஒவ்வொரு பெறுநரும் தனித்தனிச் சேருமிடம். ஒரே ஆளுக்கு இரண்டு மடல் போனால்தான் நடுவில் ஒரு விநாடி இடைவெளி. எங்களுக்கோ ஆளுக்கு ஒரு மடல். ஆக இடைவெளி யாருக்கும் இல்லை. ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பு என்ற வரம்பும் அதேபோல ஆளுக்கு ஒன்றாகக் கரைந்துபோய், போஸ்ட்ஃபிக்ஸின் பொதுவான நூறு புராசஸ் வரம்பு மட்டும் மிஞ்சியது. நூறு கதவு வழியாக ஒரே நேரத்தில் ஜிமெயிலுக்குள் நுழைய முயன்றிருக்கிறோம். இது ஒளிந்துகிடக்கும் விஷயமெல்லாம் இல்லை, போஸ்ட்ஃபிக்ஸ் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

அந்த வரியை எடுத்த பிறகு, மடல் போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்து, மணிக்கு இரண்டாயிரம் சொச்சம் என்ற நிதானத்தில் போனது. அக்கா இன்னும் இரண்டு சொன்னார். தேங்கியதைத் தொடாதே, தானாகப் போகட்டும். நாளைக்கு எண்ணிக்கையைக் கூட்டாதே, குறை. அடுத்த இரண்டு நாளும் 2,000 மட்டும், முதல் நாட்களில் சேர்ந்த நன்றாகச் சொடுக்கும் ஆட்களுக்கு மட்டும். மற்றவர்களைப் பழைய சேவைக்கே திருப்பிவிட்டேன். 26ஆம் தேதி லாகில் 421 ஒன்றுகூட இல்லை. 27இல் 3,000, 28இல் 4,500, 29இல் 6,500. நாள் கணக்கில் மட்டும் அல்ல, மணிக் கணக்கிலும் நிமிடக் கணக்கிலும் ஏறுமுகம் மெதுவாக இருக்க வேண்டும் என்பதை அந்த வாரம் எனக்குப் புரியவைத்தது.

ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்தது. 6,244 இடங்கள். எங்கள் தொழிலில் இது தீபாவளி. பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் உடனே ஒரு தனி மடல் போக வேண்டும்.

மேடம் என் மேசைக்கே வந்துவிட்டார். "தம்பி, நம்ம சர்வர் இப்போ நல்லா ஓடுதுல்ல? எல்லாத்தையும் அதுலயே விட்டுடுங்களேன். காசும் மிச்சம்."

"இல்ல மேடம். இன்னைக்கு அது ஒம்பதாயிரம் வரைக்கும்தான் தாங்கும்."

"காலையில ஆறாயிரத்து ஐநூறு போயிடுச்சே?"

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் அதுவரை ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஜிமெயில் எண்ணுவது மடல்களை. புது ஐபியில் இருந்த 6,500 பேருக்குக் காலை மடல் போயாயிற்று. அதே ஆட்களுக்கு மதியமும் அதே ஐபியிலிருந்து அனுப்பினால் அன்றைய கணக்கு 13,000, அதாவது முந்தைய நாளைப் போல இரண்டு மடங்கு. எனவே 2,500 பேருக்கு மட்டும் புது ஐபி, மற்ற எல்லோருக்கும் அன்று ஒரு நாள் மட்டும் பழைய சேவை. புது ஐபியின் கணக்கு 9,000இல் நின்றது. ஒருவர் ஒரே வழியில்தான் இருக்க வேண்டும் என்று நானே வைத்த விதியை அன்று நானே மீறினேன். மனசுக்கு உறுத்தலாக இருந்தாலும் ஒன்றும் ஆகவில்லை.

இதில் ஒரு லாபமும் கிடைத்தது. மக்கள் காத்திருந்த மடல் அது. அந்த 2,500 பேரில் சொடுக்கியவர்கள் வழக்கத்தைவிட ரொம்ப அதிகம். காத்திருக்கும் மடல் வராவிட்டால் ஸ்பாமுக்குள்ளேயே போய்த் தேடி எடுத்துவிடுவார்கள். அப்படி எடுத்து 'இது ஸ்பாம் இல்லை' என்று ஒருவர் அழுத்துவதைவிட நல்ல சான்றிதழ் புது ஐபிக்குக் கிடையாது. வார்ம்-அப் நாட்களைத் திட்டமிடுபவர்கள், தங்களிடம் ஆட்கள் ஆசையாகத் திறக்கும் மடல் எது என்று பார்த்து அதிலிருந்து தொடங்கலாம். தள்ளுபடி விளம்பரத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

31இல் 12,000, பிப்ரவரி 1இல் முதல் குழுவின் 14,000 பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். அதே மாதம்தான் ஜிமெயிலின் புது விதிகளும் தொடங்கின. நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்கள் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும். ஸ்பாம் புகார் விகிதத்தை 0.1 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொள்ள வேண்டும், 0.3ஐத் தொடவே கூடாது. மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும், அதற்கு மட்டும் ஜூன் வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். நாங்கள் அதையும் அப்போதே வைத்துவிட்டோம். விலகும் பொத்தான் கண்ணில் பட்டால், எரிச்சலில் இருப்பவர் ஸ்பாம் பொத்தானை அழுத்தாமல் அதை அழுத்துவார்.

இரண்டாம் குழுவை நாளுக்கு மூன்றாயிரத்து ஐநூறு வாக்கில் சேர்த்தேன். ஒரு விநாடி இடைவெளியோடு இனிக் கட்டுப்படியாகாது என்பதால் அதை எடுத்துவிட்டு, `gwarm_destination_concurrency_limit = 5` என்று ஒரே நேரத்தில் ஐந்து இணைப்பு வைத்தேன். பிப்ரவரி 8இல் 38,000. 421 அங்கொன்றும் இங்கொன்றும் வந்தது, தானாகச் சரியானது. மடல் அனுப்புபவர்களுக்குத் தங்கள் நிலவரத்தைக் காட்டும் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் ஐபியின் மதிப்பு நடுத்தரம் என்று தொடங்கி உயர்வு என்று மாறியிருந்தது. (அப்போது அந்தப் பலகை இருந்தது. இப்போதுள்ள பதிப்பில் ஐபி, டொமைன் மதிப்பைக் காட்டும் பலகைகளை எடுத்துவிட்டார்கள்.) அந்தக் கருவியை நம்பி ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் எண்கள் ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் வரும். அன்றன்றைய நிலவரம் தெரிய எஸ்எம்டிபி பதில்களை, அதாவது மடலை வாங்கும் சர்வர் அப்போதே சொல்லி லாகில் பதிவாகும் பதில்களைத்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, அதிலுள்ள புகார் விகிதம் இன்பாக்ஸுக்குப் போன மடல்களை வைத்துக் கணக்கிடப்படுகிறது. மடலெல்லாம் ஸ்பாமில் விழுந்தால் புகார் செய்யவே ஆள் இருக்காது, விகிதம் சுழியம் காட்டும். சுழியத்தைப் பார்த்துக் குஷியாகும் முன் சொடுக்கு எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் குழுவில்தான் வண்டி நின்றது. பிப்ரவரி 9இல் அதிலிருந்து 5,000 பேர், 10இல் இன்னொரு 5,000. எஸ்எம்டிபி பதில்களில் ஒரு குறையும் இல்லை, எல்லாம் 250, 'வாங்கிக்கொண்டோம்' என்று பொருள். 12ஆம் தேதி போஸ்ட்மாஸ்டரைத் திறந்தால் 10ஆம் தேதிக்கான புகார் விகிதம் 0.2 சதவீதம். முந்தைய வாரம் 0.05ஐத் தாண்டியதில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஏதோ தேர்வுக்குப் பதிந்துவிட்டு, இப்போது வேலையும் கிடைத்து, எங்களை மறந்தேபோனவர்கள் அந்தக் குழுவில் இருந்தார்கள். பழைய சேவையிலும் இவர்கள் புகார் செய்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். அங்கே கூட்டத்தில் அது மறைந்திருந்தது. தனி ஐபி வந்ததும் நம் வீட்டுக் குப்பை நம் வாசலிலேயே தெரிகிறது.

அன்றே 38,000க்கு இறங்கினேன். மூன்றாம் குழுவில் ஆறு மாதத்துக்குள் ஒருமுறையாவது சொடுக்கிய 9,000 பேரை மட்டும் பிரித்தெடுத்து, நாளுக்கு ஆயிரமாகச் சேர்த்தேன். பிப்ரவரி 21இல் 47,000இல் நிறுத்தினேன். மீதி 29,000 பேருக்கு மடல் அனுப்புவதையே விட்டுவிட்டோம். பழைய சேவை வழியாகவும் அனுப்பவில்லை. புகார் ஐபியோடு நிற்காது, டொமைன் மேலும் ஏறும். அவர்கள் தளத்தில் நுழைந்தால் 'மடல் தொடரட்டுமா?' என்று கேட்கும் ஒரு பட்டை மட்டும் வைத்தோம். "இருபத்தொம்பதாயிரம் பேரை வெட்டிட்டீங்களே தம்பி" என்று மேடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். சொடுக்கு எண்ணிக்கை குறையவில்லை என்று காட்டிய பிறகு விட்டுவிட்டார்.

யாஹூவும் ஹாட்மெயிலும் சுருக்கமாக. யாஹூவில் நாளுக்கு 100இல் தொடங்கி இரண்டு வாரத்தில் 6,000ஐ எட்டினோம். நடுவில் ஒருமுறை `[TSS04]` என்று 421 வந்தது, இரண்டு நாள் அதே அளவில் நிறுத்தியதும் போய்விட்டது. யாஹூவிடம் பதிந்துகொண்டால், யார் ஸ்பாம் அழுத்தினார் என்று மடல் மடலாகத் திருப்பி அனுப்புகிறார்கள். ஜிமெயிலில் அந்த வசதி இல்லை. ஹாட்மெயிலில் `451 4.7.650` வந்தது, ஐபி மதிப்பு போதாததால் வேகக் கட்டுப்பாடு என்று பொருள். அங்கே எஸ்என்டிஎஸ் என்ற பலகையில் நம் ஐபியின் நிறம் தெரியும். ஆனால் நாளுக்கு நூறு மடலுக்குக் கீழே போனால் அதில் ஒன்றுமே காட்டாது. ஐம்பதில் தொடங்கிய நான் முதல் வாரம் வெற்றுப் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 150க்கு ஏற்றிய பிறகுதான் பச்சை தெரிந்தது. கல்லூரி முகவரிகள் ஒரு 2,000 இருந்தன. ஒரு டொமைனின் மடல் எந்த சர்வருக்குப் போகும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைப் பார்த்தால் பாதிக்கு மேல் கூகுளில்தான் போய் நிற்கின்றன. அவையும் கூகுள் கணக்கில்தான் சேரும் என்பதால், ஜிமெயில் படிக்கட்டு முடியும்வரை அவற்றைப் பழைய சேவையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச்சில் பழைய சேவையை மூடினோம். ஜூன் 9 தேர்வுக்கு முன் ஹால் டிக்கெட் வந்தபோது, காலை மடலும் ஹால் டிக்கெட் மடலும் ஒரே நாளில், இரண்டும் புது ஐபியிலேயே போயின. ஹால் டிக்கெட் மடலை மட்டும் நான்கு மணி நேரத்துக்குப் பரப்பிவிட்டேன். இரவு எட்டு மணிக்கு இதை ஓட்டிப் பார்த்தேன்:

```
grep postfix-gwarm /var/log/mail.log | grep -c '4.7.28'
```

17 என்று வந்தது. அந்தப் பதினேழும் அடுத்த முயற்சியிலேயே போய்ச் சேர்ந்திருந்தன. `postqueue -f` அடிக்கவில்லை.